தமிழ்ப் பலகைகள் நிறைந்த தெரு: நம்ம ஊரா, சிங்கப்பூரா?

கேள்வி: வாட்ஸாப்பில் வரும் தெருப் படத்தில் கடைப் பலகை எல்லாம் தமிழில் இருக்கு. அது தமிழ்நாடா, வெளிநாட்டில் நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியாவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்தவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பெயர், மொழி, சாமி படம், வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் எல்லாம் அவர் கையில் இருக்கிறது. அதை வைத்து அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்லலாம், எந்த நாடு என்று சொல்ல முடியாது. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, வண்டியின் நம்பர் பிளேட், மின்கம்பம், சாலையில் போட்ட கோடு இவையெல்லாம் அந்த நாட்டு அரசு முடிவு செய்தவை. இடத்தைக் காட்டிக்கொடுப்பது இவைதான்.

பாரிஸின் லா ஷப்பேல், கனடாவின் ஸ்கார்பரோ என்றால் அவ்வளவு சிரமம் இல்லை. கட்டடமே வேறு, வண்டிகளும் சாலையின் வலப்பக்கம் போகும். குழப்புவது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸும். அங்கேயும் இதே வெயில், இதே மல்லிகைப்பூ. வண்டிகளும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் போகும். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரமே தெருவைப் பார்த்து நிற்கிறது.

கிருஷ்ணகிரியில் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு படம் வந்தது. பூக்கடை, அதை ஒட்டி ஜவுளிக்கடை, பின்னால் நகைக்கடைப் பலகை, நல்ல கூட்டம். 'பழையபேட்டையில் பொங்கல் கூட்டம்' என்று எழுதியிருந்தது. பெரியப்பா பார்த்துவிட்டு, "நம்ம ஊர்தான்பா, எழுத்தைப் பாரு" என்றார். நான் ஜவுளிக்கடைப் பலகையின் அடி ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அங்கே ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருந்தது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் சிங்கப்பூர் அஞ்சல் குறியீடும் நம் பின்கோடு போலவே ஆறு இலக்கம். ஆனால் முதல் இரண்டு இலக்கம் 21. தமிழ்நாட்டுப் பின்கோடு 60 முதல் 64 வரைதான் தொடங்கும். கிருஷ்ணகிரிக்கு 635001, தருமபுரிக்கு 636701. இந்தியாவில் 21 என்று தொடங்கினால் அது உத்தரப் பிரதேசம். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தெரு முழுக்கத் தமிழ்ப் பலகை இருக்க வழியில்லை. சிங்கப்பூரிலோ 20, 21 என்று தொடங்குவது சிராங்கூன் சாலை இருக்கும் லிட்டில் இந்தியாவும் அதைச் சுற்றிய பகுதியும்.

அப்புறம் தொலைபேசி எண். 6-ல் தொடங்கி எட்டு இலக்கம். 6-ஐப் பார்த்ததும் நம் ஊர் செல்பேசி என்று நினைத்துவிடக் கூடாது, இலக்கங்களை எண்ண வேண்டும். நம் செல்பேசி எண் பத்து இலக்கம். கிருஷ்ணகிரித் தரைவழி எண் என்றால் 04343 போட்டு, அதன் பிறகு ஆறு இலக்கம். தருமபுரிக்கு 04342, ஓசூருக்கு 04344. சென்னையில் எட்டு இலக்கத் தரைவழி எண்கள் உண்டு என்பதால் எட்டு என்ற கணக்கை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் பழையபேட்டைக் கடையில் அப்படி ஓர் எண் உள்ளூர் எண்ணாக இருக்காது. சிங்கப்பூரில் தரைவழி எண்கள் 6-லும் செல்பேசி எண்கள் 8, 9-லும் தொடங்கும், எல்லாமே எட்டு இலக்கம்தான்.

நகைக்கடைப் பலகையில் ஜி.எஸ்.டி. என்று இருந்ததைக் காட்டி, "இது இந்தியாதானே?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் ஜி.எஸ்.டி. சிங்கப்பூரிலும் உண்டு. நம் ஊரில் பதிவு பெற்ற கடைகள் பதினைந்து எழுத்து கொண்ட பதிவு எண்ணை வாசலில் எழுதி வைக்க வேண்டும், தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். அந்த எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 916 தங்கம் என்று எழுதியிருப்பதும் இதே மாதிரிதான், அங்கேயும் இங்கேயும் எழுதுகிறார்கள்.

எண் எதுவும் தெரியாத படமாக இருந்தால் கண்ணைப் பலகைக்கு மேலேயும் கீழேயும் கொண்டுபோங்கள். பழையபேட்டை மாதிரியான தெருவில் மேலே மின்கம்பி, கேபிள் டிவி ஒயர், இரண்டு கம்பத்துக்கு நடுவே டிரான்ஸ்பார்மர் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். சிங்கப்பூர் நகரத் தெருவில் கம்பிகள் மண்ணுக்கு அடியில் போகின்றன. அங்கே கீழே பார்த்தால், கடை வாசலுக்கும் சாலைக்கும் நடுவே, மாடியைத் தாங்கும் தூண்களுக்குள் ஒரு நடைபாதை ஓடும். ஐந்தடி நடைபாதை என்பார்கள். 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது கடைகளின் முன் இப்படி நிழல் வழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். எங்கள் படத்தில் பூச்சரங்கள் தொங்கியது அந்தத் தூண்களுக்கு நடுவேதான். ஆனால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இதே அமைப்பு உண்டு. நடைபாதை மட்டும் தெரிந்தால் 'சிங்கப்பூர் அல்லது மலேசியா' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் சரி. மலேசிய அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம் என்பதால், பலகை தெரியும்போது பிரித்துவிடலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது: எந்தக் கடை இல்லை என்று பார்ப்பது. வெளிநாட்டுத் தமிழ்த் தெருவில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத பொருட்கள்தான் குவிந்திருக்கும். மளிகை, பூ, புடவை, நகை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, விமான டிக்கெட். சாப்பாட்டுக் கடையில் 'இந்திய உணவு', 'தென்னிந்திய உணவு' என்று எழுதியிருப்பார்கள். கிருஷ்ணகிரியில் சாப்பாட்டை இந்திய உணவு என்று எழுதி விற்கத் தேவையே இல்லை. இங்கே உரக்கடை, பூச்சிமருந்து, சொட்டுநீர்க் குழாய், மோட்டார் காயில் கட்டுபவர், பத்திர எழுத்தர், ரேஷன் கடை என்று ஒரு மாவட்டத்தின் மொத்தப் பிழைப்பும் தெருவில் தெரியும். விவசாயமும் பத்திரப்பதிவும் சிராங்கூன் சாலைக்கு இடம்பெயர்ந்து போகவில்லை. எங்கள் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

சுத்தத்தை வைத்து மட்டும் தயவுசெய்து முடிவு செய்யாதீர்கள். 'குப்பை கிடக்கு, அப்போ இந்தியா' என்பது நம்மை நாமே இழிவுபடுத்துவது, கணிப்பாகவும் அது தவறு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் கட்டுமான வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நாள் அது. அந்த நேரத்துக் கூட்டமும் நெரிசலும் நம் சந்தை நாளைப் போலவே இருக்கும்.

யாழ்ப்பாணத்தையும் மறக்க வேண்டாம். அது வெளிநாடு என்றாலும் புலம்பெயர்ந்தவர்களின் தெரு இல்லை, அதுவும் தமிழர் தாயகத் தெருவே. அரசுப் பலகையில் தமிழோடு சிங்களமும் இருக்கும், தரைவழி எண் 021-ல் தொடங்கும்.

ஒரே ஓர் எண்ணை நம்பி முடிவுக்கு வராதீர்கள். டிராவல்ஸ் பலகையில் சென்னைக் கிளை எண் இருக்கலாம், நம் ஊர் நகைக்கடையில் சிங்கப்பூர்க் கிளை எண் இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கடைகள் இரண்டிலாவது ஒரே மாதிரி எண் வருகிறதா என்று பாருங்கள். பிறகு கடைப் பெயரைக் கூகுள் மேப்பில் போட்டு, ஸ்ட்ரீட் வியூவில் அந்தக் கடையின் தூணும் மாடி ஜன்னலும் படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். பலகையை மாற்றியிருப்பார்கள், ஜன்னலை அவ்வளவு சீக்கிரம் மாற்ற மாட்டார்கள்.