ஐசோஃபிக்ஸ் இருக்கு, இடம் இருக்கா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். தை மாதம் குழந்தை பிறக்கும். சிஎன்ஜி ஹேட்ச்பேக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஐசோஃபிக்ஸ் இருக்கிறது, டிக்கியும் பெரியது என்கிறார் ஷோரூம்காரர். கணவர் ஆறடி உயரம். அம்மா வீடு சென்னையில். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் சைல்டு சீட்டை வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். ஐசோஃபிக்ஸ் என்பது சீட்டைக் காரோடு மாட்டும் கொக்கி, அவ்வளவுதான். பச்சிளம் குழந்தையின் சீட் பின்பக்கம் பார்த்து, சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். ரொம்ப நிமிர்த்தினால் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாய் அடைபடலாம். இப்படிச் சாய்ந்த சீட்தான் நீளமாகி முன்சீட்டின் முதுகில் இடிக்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுகிற வாகில் சீட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்காரட்டும். ஆறடி ஆளுக்குப் பின்னால் சின்ன காரில் அநேகமாக இடம் கிடைக்காது. இடது பின்சீட்டில் மாட்டிப் பாருங்கள். குழந்தையைச் சாலையோரமாக இறக்கவும் அதுவே வசதி. மாட்டிய பிறகு முன்னால் இடது பக்கம் மாமியாரை உட்கார வையுங்கள். முட்டி டாஷ்போர்டில் தட்டினால், சென்னைப் பயணத்தில் அந்த இடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் குழந்தை சீட்டையே முன்னால் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். ஏர்பேக் வெடித்து விரிந்தால் அந்தச் சீட்டின் முதுகில்தான் அறையும், குழந்தையின் தலை இருப்பதும் அங்கேதான்.

மாட்டியது இறுக்கமா என்று பார்க்க, கொக்கியோ பெல்ட்டோ பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாங்குகால் உள்ள சீட் என்றால், அந்தக் கால் தரையில் அழுத்தமாக ஊன்ற வேண்டும். சில கார்களில் அந்த இடத்தில் தரைக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டி இருக்கும். கார் மேனுவலில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் அதன்மேல் ஊன்றாதீர்கள்.

அடுத்து டிக்கி. விளம்பரத்தில் வரும் லிட்டர் கணக்கு பல நேரம் பெட்ரோல் மாடலுக்கானது. சிஎன்ஜி வண்டியில் சிலிண்டர் பாதியை விழுங்கிவிடும். இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைக்கும் மாடல்களில் பரவாயில்லை. உங்கள் தள்ளுவண்டியை மடித்து, ஒரு சூட்கேஸோடு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். இடம் போதாவிட்டால் பின்சீட்டை மடித்துக்கொள்ளலாம் என்பார் ஷோரூம்காரர். ஒரே பலகையாக மடியும் சீட் என்றால், சைல்டு சீட் மாட்டிய பிறகு அது மடியவே மடியாது. இரண்டாகப் பிரிந்து மடிந்தாலும், குழந்தைக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டிய இடம்தான் போகும்.

இந்த இரண்டிலும் தேறினால் அட்வான்ஸ் கொடுங்கள். டிக்கி போதவில்லை என்றால் அதே காரின் பெட்ரோல் மாடலைக் கேளுங்கள். மிஞ்சிய பெட்டியைப் பின்சீட்டில் குழந்தை பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சடன் பிரேக் போட்டால் முதலில் பாய்வது அதுதான்.