பேங்கில் பணம் நிற்கிறது, லாபம் எங்கே?

கேள்வி: பிறையில் ஒரு கிடங்கு விரிவாக்க வேலை எடுத்திருக்கிறேன். ஒப்பந்தத் தொகை 12 லட்சம் வெள்ளி, மொத்தச் செலவு 10 லட்சம் வரும். இதுவரை 6 லட்சத்துக்கு பில் போட்டு, 60,000 ரிடென்ஷன் போக மீதி கைக்கு வந்துவிட்டது. செலவு 3.5 லட்சம்தான், அதிலும் 50,000 வெள்ளி டைல்ஸ் இன்னும் பெட்டியோடு சைட்டில் இருக்கிறது. பேங்கில் 1.9 லட்சம். கணக்காளரோ லாபம் 60,000தான் என்கிறார். லாரிக்கு முன்பணம் கட்டலாமா?

பதில்: கணக்காளர் சொல்வது சரி. அவர் பில்லைப் பார்க்கவில்லை, வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்க்கிறார். பெட்டியில் இருக்கும் டைல்ஸ் இன்னும் வேலையாக மாறவில்லை, அது வெறும் சரக்கு. அதைத் தள்ளினால் 3 லட்சம். 10 லட்சத்தில் 30 விழுக்காடு. ஆக வருமானம் 3.6 லட்சம், அதற்கான செலவு 3 லட்சம், லாபம் 60,000. பில் போட்டதில் மிச்சமுள்ள 2.4 லட்சம், நீங்கள் இன்னும் செய்து கொடுக்க வேண்டிய வேலை. அதனால்தான் அது ஐந்தொகையில் கடன் பக்கம் நிற்கிறது.

லாரி விஷயத்துக்கு வருவோம். இனி பில் போட மிச்சமிருப்பது 6 லட்சம், செலவழிக்க வேண்டியது 6.5 லட்சம். வேலை முடிவதற்குள் இந்த சைட்டே உங்கள் பேங்கிலிருந்து 50,000 எடுத்துக்கொள்ளும். ரிடென்ஷன் உச்சவரம்பு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு என்றால், அது ஏற்கெனவே முழுசாகப் பிடிபட்டுவிட்டது. வழக்கமாக அதில் பாதி, பழுது பொறுப்புக் காலம் முடியும்வரை கைக்கு வராது. இதோடு கிளெய்ம் கொடுத்துப் பணம் வர ஒன்றிரண்டு மாதம் ஆகும், ஆனால் ஆட்களுக்குச் சம்பளம் அந்தந்த மாதமே போக வேண்டும். நானாக இருந்தால் 1 லட்சத்துக்கு மேல் ஒதுக்கிவிட்டுத்தான் லாரிக் கடைக்குப் போவேன்.

உங்கள் நிலைமைக்கு நேரெதிரானது ஒன்று உண்டு, எனக்கு அதில்தான் அதிக பயம். ஒரு வாசகர் 9 லட்சத்துக்கு வேலை எடுத்து, 8 லட்சம் செலவு என்று எழுதியிருந்தார். 4 லட்சம் செலவானதும் பாதி முடிந்தது என்று 4.5 லட்சம் வருமானம் காட்டினார். பில் போட்டதோ 3.6 லட்சம். மீதி 90,000 'வர வேண்டியது' என்று கணக்கில் நின்றது. சைட் சூப்பர்வைசரைக் கேட்டால், முடிக்க இன்னும் 6 லட்சம் வேண்டும் என்றார். மொத்தம் 10 லட்சம். அப்படியென்றால் முடிந்தது 40 விழுக்காடு, வருமானம் சரியாக 3.6 லட்சம். வர வேண்டியது என்று எதுவும் இல்லை! முழு ஒப்பந்தத்திலும் நட்டம் 1 லட்சம், அதை அந்த ஆண்டிலேயே எழுதியாக வேண்டியதாயிற்று.

அதனால் உங்கள் 10 லட்சத்தையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். 'எவ்வளவு செலவாயிற்று' என்று கேட்காமல், 'இன்று முதல் முடிக்க எவ்வளவு வேண்டும்' என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். 6.5 லட்சத்துக்கு மேல் சொன்னால், அந்த 60,000மும் குறையும்.