1% ரெசிஸ்டர் இரண்டு போட்டால் கெயின் எவ்வளவு தவறும்?

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சர்க்யூட்டைப் பற்றியவை. மாங்கூழ் ஆலையில் தெர்மோகப்பிள் சிக்னலைப் பெரிதாக்கும் நான்-இன்வர்ட்டிங் ஆப்-ஆம்ப். Rf 100 கிலோ ஓம், Rg 1 கிலோ ஓம்.

`G = 1 + Rf/Rg = 101`

தருமபுரி, பாலிடெக்னிக் மாணவி: சார், ரெண்டு ரெசிஸ்டரும் 1% தானே? அப்போ கெயினும் 1% தானே தவறணும்?

இல்லைம்மா. Rf மேலே போய் Rg கீழே இறங்கினால் இரண்டு தவறும் ஒரே பக்கம் தள்ளும். 101 கிலோ ஓமும் 990 ஓமும் வைத்துப் பார், கெயின் 103.02. மறுபக்கம் 99 கிலோவும் 1010 ஓமும் என்றால் 99.02. ஆக, ஏறக்குறைய 2%.

நீ சொன்ன 1% சரியாக வரும் இடமும் உண்டு. இரண்டுமே 10 கிலோ, கெயின் 2 என்றால் தவறு 1% அளவில்தான் நிற்கும். சூத்திரத்தில் இருக்கும் அந்த 1 எந்த ரெசிஸ்டரையும் நம்பி இல்லை. கெயினில் பாதி அதிலிருந்தே வந்துவிடுகிறது. கெயின் கூடக்கூட அந்தத் துணை கரைந்துபோகும்.

கிருஷ்ணகிரி, ஆலை பராமரிப்பு: 2% தவறினா எங்க மீட்டர்ல எத்தனை டிகிரி?

கே வகை தெர்மோகப்பிள் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும், அதுவும் இரு முனைகளின் வித்தியாசத்துக்குத்தான். கூழ் 95 டிகிரி, பேனலில் உள்ள முனை 30 டிகிரி என்றால் வித்தியாசம் 65. அதில் 2% என்பது 1.3 டிகிரி. பேனல் சூடாவதையும் மறக்காதீர்கள். 100 பிபிஎம் ரெசிஸ்டர் 30 டிகிரி கூடுதல் சூட்டில் 0.3% நகரலாம். இரண்டும் எதிரெதிராக நகர்ந்தால் இன்னொரு 0.6% சேரும்.

ஓசூர், போர்டு அசெம்பிளி: வொர்ஸ்ட் கேஸ் நடைமுறையில வரவே வராது சார். ரூட் சம் ஸ்கொயர் போட்டா 1.4%. அதையே ஸ்பெக்கா கொடுத்தா ஒரு போர்டும் வெளியே போகாதே?

பாதி சரி. இரண்டு ரெசிஸ்டரும் ஒரே நேரத்தில் எதிரெதிர் ஓரத்துக்குப் போவது அரிதுதான். ஆனால் 1.4% என்ற எண்ணுக்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மதிப்புகள் நடுவில் குவிந்து, 1% எல்லை மூன்று சிக்மாவில் இருந்தால்தான் அது மூன்று சிக்மா எண். அப்போது வெளியே போவது ஆயிரத்துக்கு மூன்று போர்டு.

மதிப்புகள் -1% முதல் +1% வரை சமமாகப் பரவியிருந்தால் கதை வேறு. இரண்டின் தவறும் சேரும்போது முக்கோண வடிவப் பரவல் கிடைக்கும், அதன் ஓரங்கள் 2%-இல். அதில் 1.41%-ஐத் தாண்டும் பரப்பு 8.6%. நூறு போர்டில் எட்டு ஒன்பது! சூத்திரம் ஒன்றுதான், பரவல்தான் மாறியது.

ரீல் விஷயம் இதைவிட முக்கியம். ஒருமுறை நான் அளந்த 100 கிலோ ரீலில் எல்லாமே 0.4% பக்கம் மேலே நின்றன. 1 கிலோ ரீல் 0.3% கீழே. ஒவ்வொன்றும் டாலரன்ஸுக்குள்தான். ஆனால் அந்த லாட் முழுவதும் கெயின் 0.7% மேலே போய்விட்டது. ரூட் சம் ஸ்கொயர் தற்செயலான சிதறலைத்தான் கணக்கில் எடுக்கும். எல்லாப் போர்டிலும் ஒரே பக்கம் நிற்கும் விலகலை நேராகக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

காவேரிப்பட்டினம், ரிப்பேர் கடை: அண்ணா, என்கிட்ட இருக்கிறது இன்வர்ட்டிங், 100 கெயின் வரணும். மூணு போர்டுலயும் 91 தான் வருது. ரெசிஸ்டர் டூப்ளிகேட்டா?

தம்பி, இது டாலரன்ஸ் இல்லை. டாலரன்ஸ் என்றால் போர்டுக்குப் போர்டு மேலும் கீழும் சிதறும். மூன்றும் ஒரே இடத்தில் நிற்காது. உங்கள் இன்புட் ரெசிஸ்டர் 1 கிலோ என்றால், சென்சார் பக்கம் 100 ஓம் மறைந்திருந்தாலே 100 கிலோவை 1.1 கிலோவால் வகுக்க வேண்டியதாகிவிடும்: 90.9. சென்சாரைக் கழற்றிவிட்டு, குறைந்த இம்பிடன்ஸ் உள்ள மூலத்திலிருந்து 10 மில்லிவோல்ட் கொடுத்துப் பாருங்கள். 100 வந்தால் ரெசிஸ்டர்மேல் பழி போடாதீர்கள்.

தருமபுரி, அதே மாணவி: 1% ரெசிஸ்டர்ல நல்லதை எல்லாம் பொறுக்கி 0.1%-னு வித்துடுவாங்க, நடுவுல ஓட்டைதான் இருக்கும்னு சீனியர் சொன்னாங்க. நிஜமா?

எல்லா ரீலுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. லேசரில் வெட்டி மதிப்பைச் சரிசெய்வதால் பல ரீல்கள் நடுவை ஒட்டியே குவிந்திருக்கும். உன் கையில் இருக்கும் ரீல் எப்படி என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். அதன் வெவ்வேறு இடங்களிலிருந்து முப்பது எடு. ஆனால் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீடே 0.5% முதல் 1% வரை தவறும். அதை வைத்து 1% ரெசிஸ்டரின் நடுப்புள்ளியைத் தேடினால் மீட்டரின் தவறையும் சேர்த்தே அளப்பாய். லேபில் பெஞ்ச் மீட்டர் இருந்தால் அதில் அளந்து, சராசரியையும் சிதறலையும் தனித்தனியாக எழுதி அனுப்பு. ஓசூர் நண்பரின் 1.4% அந்த லாட்டுக்குப் பொருந்துமா என்று அதை வைத்துப் பார்க்கலாம்.