சிமெண்ட் ஷீட் கூரையில் சோலார்: பலகை, வலை, காற்று

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க அரிசி குடோன் இருக்கு. 20 வருசம் ஆன ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. 10 கிலோவாட் சோலார் போட வந்தவங்க, "போல்ட் வரிசை மேலயே கால் வெச்சு நடப்போம், பெல்ட்டும் போட்டுக்குவோம், ஒண்ணும் ஆகாது"ங்கறாங்க. நம்பி ஏத்தலாமா? எந்த மாசம் போடறது நல்லது?

பதில்:

ஏற்ற வேண்டாம். போல்ட் வரிசைக்குக் கீழே ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம், அதாவது பர்லின், இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பழைய கூரைகளில் அந்தப் பர்லினின் மேல்முகம் பெரும்பாலும் 5 செ.மீ. அகலம்தான் இருக்கும். பாதத்தின் அகலமே 10 செ.மீ., நீளம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். எப்படி வைத்தாலும் காலின் பாதியாவது வெறும் ஷீட்டின் மேல்தான் அழுந்தும். 28 கிலோ பேனலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கால் எங்கே படுகிறது என்பதும் தெரியாது. ஒருமுறை தடுமாறினால் அடுத்த அடி இரண்டு பர்லினுக்கு நடுவில் விழும். இன்னொன்று, போல்ட் துளையைச் சுற்றித்தான் ஷீட் முதலில் கெடும். ஜே போல்ட் துருப்பிடித்து உப்பும்போது துளையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடும். பிட்டுமன் வாஷர் அதை மறைத்துவிடும்.

தகர ஷீட் மேல் நின்றால் முதலில் நசுங்கும். மரச்சட்டம் ஒடிவதற்கு முன் முனகும். 6 மி.மீ. சிமெண்ட் ஷீட் எந்த எச்சரிக்கையும் தராமல் பட்டென்று ஒடியும். பல மழைக்காலம் நனைந்து காய்ந்த ஷீட் இன்னும் மோசம். "போன வருசம் ஏறி ஒழுகல் அடைச்சாங்களே" என்பது சான்றே ஆகாது. அப்போது விழுந்த விரிசல் இன்று பாசிக்கு அடியில் இருக்கலாம்.

வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயில் பட்டுப் பட்டு அது அப்பளமாகியிருக்கும். மேலே தூசி படிந்தோ சுண்ணாம்பு அடித்தோ மற்ற ஷீட்டைப் போலவே தெரியும். அதனால் யாரும் ஏறுவதற்கு முன்பே குடோனுக்குள் நின்று, கிழக்குச் சுவரிலிருந்து எத்தனையாவது ஷீட், எந்த வரிசை என்று எண்ணி, தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வெள்ளையடித்திருந்தாலும் ஃபைபர் ஷீட்டின் அடிப்பக்கம் வேறாகத் தெரியும்.

இனி பெல்ட். உங்கள் குடோன் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், ஓரத்தில் 4.2 மீட்டர், முகட்டில் 5.6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஆள் நிற்கும் நடுச்சரிவு தரையிலிருந்து சுமார் 4.9 மீட்டர். கூரையில் கயிறு மாட்டும் இடம் கால்மட்டத்தில்தான் கிடைக்கும். ஆள் கீழே போனால், பெல்ட்டைப் பிடிமானத்தோடு இணைக்கும் 1.8 மீட்டர் லேன்யார்டு கயிறு முழுக்க இழுபடும். அதன்பின் அதிர்ச்சி தாங்கும் பகுதி பிரிந்து 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகில் உள்ள வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். தரைக்கு முன் 1 மீட்டராவது மிச்சம் வேண்டும். கூட்டினால் 6 மீட்டருக்கு மேல் ஆகிறது. இருப்பது 4.9. பெல்ட் போட்டிருந்தும் ஆள் தரையிலோ மூட்டை அடுக்கிலோ மோதிவிடுவார் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது.

அதுவும் கயிறு மாட்டிய இடம் தாங்கினால்தான். விழும் ஆளை நிறுத்தும் பிடிமானம் ஒரு ஆளுக்குக் குறைந்தது 12 கிலோநியூட்டன், ஏறக்குறைய 1,200 கிலோ எடையைத் தாங்க வேண்டும். பழைய ஆங்கிள் பர்லினை இதற்கு நம்பக்கூடாது. பர்லின்களைத் தாங்கும் முக்கோணச் சட்டகமான டிரஸ்ஸின் மேல்சட்டத்தில், சட்டங்கள் கூடும் முடிச்சில்தான் மாட்ட வேண்டும். டெலிகாம் டவரில் வேலை செய்து பழகியவர்கள் சோலாருக்கு வரும்போது இங்கேதான் ஏமாறுகிறார்கள். டவரில் எங்கு கை நீட்டினாலும் தலைக்கு மேல் இரும்பு. இரட்டைக் கொக்கியில் ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். கூரையில் அந்தப் பழக்கம் கைகொடுக்காது, ஏனென்றால் மாட்ட எதுவும் இல்லை. டவரில் ஏறுபவருக்குக் காலடி நம்பகமானது. இங்கே காலடிதான் ஆபத்து.

சரி, எப்படிச் செய்வது? 20 வருட ஷீட் என்றால் என் முதல் பரிந்துரை, அதன் மேல் சோலாரே வேண்டாம். சோலார் வரும் சரிவில் மட்டும் ஷீட்டைக் கழற்றிவிட்டு 0.5 மி.மீ. கால்வால்யூம் ஷீட், அதாவது அலுமினியமும் துத்தநாகமும் பூசிய இரும்புத் தகடு, போடுங்கள். பேனல் 25 வருடம் இருக்கும், ஷீட் அவ்வளவு நாள் தாங்காது. பிறகு பேனலைக் கழற்றித்தான் ஷீட் மாற்ற வேண்டிவரும். எடைக் கணக்கும் சாதகம். சிமெண்ட் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 13 கிலோ, கால்வால்யூம் ஐந்துக்குள். பேனலும் ரெயிலும் சேர்ந்து மீண்டும் சுமார் 13 கிலோ. ஆக டிரஸ்ஸுக்குக் கூடுவது ஐந்து கிலோவை ஒட்டித்தான். காற்று பேனலை மேலே தூக்கும் விசையைத்தான் பொறியாளர் ஒருவர் கட்டாயம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கழற்றுவதைக் கீழிருந்தே செய்யலாம். மூட்டைகளை நகர்த்திவிட்டுச் சக்கரச் சாரத்தை உள்ளே கொண்டுவந்து, சக்கரத்தைப் பூட்டி, கைப்பிடிக் கம்பி போட்ட மேடையில் நின்று ஜே போல்ட்டின் கொக்கியைப் பர்லினுக்கு அடியிலேயே அறுத்துவிடலாம். 3 மீட்டர் ஷீட் ஒன்று 40 கிலோ வரை வரும். இரண்டு பேர் தாங்கி முழுசாக இறக்க வேண்டும். உடைத்துத் தள்ளக்கூடாது. முன்கூட்டியே தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். கிரைண்டர் வேண்டாம், காய்ந்த துடைப்பமும் வேண்டாம். அந்தத் தூசியிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் தங்கி, புற்றுநோய் வரை கொண்டுபோகும். துணி கட்டினால் போதாது, நுண்துகள் வடிகட்டும் மாஸ்க் வேண்டும். அரிசியைத் தார்ப்பாய் போட்டு மூடுவதைவிட அந்த நாட்களில் வேறிடத்துக்கு மாற்றிவிடுவது மேல்.

மறுசரிவிலோ முகட்டிலோ பழைய ஷீட் மேல் போயே ஆக வேண்டும் என்றால் பலகையும் வலையும் வேண்டும். பலகை 60 செ.மீ. அகலத்துக்குக் குறையக்கூடாது. 38 மி.மீ. கனமுள்ள மூன்று சாரப்பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, குறுக்கே சட்டம் அடித்து ஒன்றாக்கினால் 67 செ.மீ. கிடைக்கும். பர்லின் 1.2 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 3 மீட்டர் நீளப் பலகை மூன்று பர்லின் மேல் உட்காரும். அந்தக் குறுக்குச் சட்டமே சரிவில் காலுக்குப் பிடி. மேல்முனையை முகட்டில் கொக்கி போட்டோ கயிற்றால் டிரஸ்ஸில் கட்டியோ நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சறுக்கும். ஒரே பலகையை வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி வேலை செய்வதுதான் வழக்கமான தப்பு. நகர்த்தும் அந்த நிமிடம் ஆள் ஷீட் மேல் நிற்பார். ஒன்றில் நின்றுகொண்டு இன்னொன்றை நகர்த்த வேண்டும், பேனல் வைக்க மூன்றாவது இருந்தால் நல்லது.

வலையை டிரஸ்ஸுக்கு டிரஸ் இழுத்து, பர்லினுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கட்ட வேண்டும். ஆள் விழும்போது வலை தொய்யும் என்பதால் அதன் கீழே 3 மீட்டராவது காலியாக இருக்கட்டும். நெல் மூட்டையோ மோட்டாரோ இருக்கக்கூடாது. ஆள் விழுந்து பெல்ட்டில் தொங்கினாலும் வலையில் கிடந்தாலும் எப்படி இறக்குவது, ஏணி எங்கே, யார் ஏறுவது என்பது வேலை தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தொங்கும் ஆளுக்குச் சில நிமிடங்களிலேயே ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். தீயணைப்பு வண்டி பக்கத்து ஊரான சித்தூரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

மாசத்துக்கு வருகிறேன். நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்றும், மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்றும் புகுந்து வீசும். 545 வாட் பேனல் 2.28 மீட்டருக்கு 1.13 மீட்டர், அதாவது 2.6 சதுர மீட்டர் கப்பல் பாய் மாதிரி. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதைச் சுமார் 16 கிலோ எடைக்குத் தள்ளும். 54 கிலோமீட்டர் என்றால் 35 கிலோவுக்கு மேல். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் விசை இரண்டே கால் மடங்கு. அதனால் காற்றின் திடீர் வீச்சு மணிக்கு 27 கிலோமீட்டரைத் தொட்டால் பேனல் தூக்குவதை நிறுத்த வேண்டும். 37 ஆனால் ஆளே கூரையில் இருக்கக்கூடாது. ஃபோனில் காட்டும் சராசரி வேகம் இதற்கு உதவாது. கையடக்கக் காற்றுமானியை முகட்டு உயரத்தில் பிடித்து, அதிகபட்ச வீச்சைப் பார்க்க வேண்டும். கருவி இல்லாவிட்டால், களத்தில் தூசியும் காகிதமும் பறந்தாலே முதல் எல்லை வந்துவிட்டது. சின்ன மரம் முழுசாக ஆடினால் இரண்டாவது.

ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை, வைகாசியிலும் மதியத்துக்கு மேல் இடி கட்டும். முதல் இடி காதில் விழுந்ததும் இறங்கி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் ஏற வேண்டும். இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். மழை விட்ட மறுநாள் காலையும் பாசி வழுக்கும், பலகை ஈரமாக இருக்கும், காயும் வரை பொறுக்க வேண்டும். மாசி, பங்குனியில் காற்றும் இடியும் குறைவு. ஆனால் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். கோடையில் வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தர வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. கூரைக்கு அதுவும் போதாது, காலை 6.30 முதல் 10.30 வரைதான் என்று பேசிக்கொள்ளுங்கள். ஆகவே மாசியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பதே உங்கள் ஊருக்குச் சரி.

18 பேனலை மூன்று வரிசையாக, வரிசைக்கு ஆறாகப் படுக்கைவாட்டில் வைத்தால் 9.8 கிலோவாட் வரும், அந்தச் சரிவில் இடமும் போதும். ஒரு பேனலுக்கு நான்கு கிளாம்பும் முறுக்கி முடித்த பிறகே அடுத்த பேனல் கீழிருந்து ஏற வேண்டும். இரண்டு கிளாம்பில் தொங்கும் பேனலை "சாப்பிட்டு வந்து முறுக்கிக்கலாம்" என்று விட்டுப் போனால், நடுவே கிளம்பும் ஒரு வீச்சு அதைப் பிடுங்கிக் கீழே இருப்பவர் மேல் போட்டுவிடும்.