கேபிளை எடுத்துவிடலாமா? ஒரு திருப்பாதிரிப்புலியூர் வீட்டின் மாதக் கணக்கு

"வீட்டில் இரண்டு டிவி. ஹாலுக்கு 300, மாடிக்கு 250 என்று கேபிளுக்கு மாதம் 550 ரூபாய் போகிறது. மகன் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் ஃபைபர் நெட்டும் வைத்திருக்கிறோம், அதற்கு 589. மாமியாருக்குச் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து வரை சீரியல் வேண்டும். கேபிளை எடுத்துவிட்டு டிஷ் போடலாமா, இல்லை நெட்டிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாமா? எதில் செலவு குறையும்?"
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

உங்கள் கடிதத்தில் முக்கியமான தொகை 550 இல்லை, 589. கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகனுடைய வேலைக்காக அந்த 589 ரூபாயைக் கட்டத்தான் போகிறீர்கள். அதனால் டிவிக்கான செலவில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு நெட் லாபமாகத் தெரிவதற்கு இது ஒன்றுதான் காரணம். பக்கத்து வீட்டில் நெட் இல்லை என்றால், இதே யோசனை அவர்களுக்கு நஷ்டம். அவர்கள் 499 ரூபாய் திட்டம் எடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 589 ஆகிவிடும். அதற்கு மேல் ஆப் சந்தாவும் கட்ட வேண்டும். உங்கள் கேபிள் செலவையே அது தாண்டிவிடும். யாராவது "நாங்கள் கேபிளை நிறுத்தியதில் மிச்சம்" என்று சொன்னால், அவர்கள் வீட்டில் நெட் முன்பே இருந்ததா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 300 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். கேபிளோ டிஷ்ஷோ, பில்லில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது இணைப்புக் கட்டணம். இலவசச் சேனல்கள் இதற்குள்ளேயே வந்துவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியில் இதற்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், அதனால் இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். இரண்டாவது, கட்டணச் சேனல்களின் விலை. மூன்றாவது, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி. இணைப்புக்கு 130, சேனல்களுக்கு 124, வரி 46 என்று வைத்தால் சரியாக 300 வருகிறது. உங்கள் பில்லும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கேபிள்காரர் கையில் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இந்தப் பிரிவு இருக்காது. சேனல் பட்டியலோடு பிரிந்த பில் வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நீங்கள் குறைக்கக்கூடியது நடுவில் உள்ள அந்த 124-ஐத்தான். டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்து, ஒரு வாரத்துக்கு யார் எந்தச் சேனலைப் போட்டாலும் அதன் எண்ணை எழுதச் சொல்லுங்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அக்கா வீட்டில் இதைச் செய்தோம். பெட்டியில் கட்டணச் சேனல்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. தாளில் வந்தவை ஏழு. மாமா பார்க்கும் கிரிக்கெட் சேனல் அந்த ஏழில் ஒன்று, அதுவும் போட்டி நடக்கும் மாதங்களில் மட்டும். யாரும் தொடாத இந்தி, ஆங்கிலத் தொகுப்புகளுக்கு ஆண்டுக்கணக்காகப் பணம் போயிருந்தது. உங்கள் வீட்டிலும் தமிழ்த் தொகுப்புகளை மட்டும் வைத்துச் சேனல் செலவை 75-க்கு இறக்கினால், 130-ம் 75-ம் சேர்ந்து வரியோடு 242 ரூபாய். இணைப்பு எதையும் வெட்டாமலே ஹால் டிவியில் மாதம் 58 ரூபாய் குறைகிறது. கடலூரில் இருப்பதால் அரசு கேபிள் இணைப்பின் விலையையும் ஒருமுறை விசாரியுங்கள். அது தமிழ்நாடு அரசு நிறுவனம் என்பதால் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த வழி இல்லை.

அடுத்தது டிஷ். இணைப்புக் கட்டணம் அதே 130 என்று வைத்தால் முதல் டிவிக்கு ஏறக்குறைய அதே 242 தான் வரும், ஏனென்றால் சேனல்களின் அதிகபட்ச விலையும் வரியும் எங்கும் ஒன்றே. லாபம் இரண்டாவது டிவியில் இருக்கிறது. ஒரே வீட்டின் அடுத்த டிவிக்கு இணைப்புக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று முன்பு விதி இருந்தது. அந்தக் கணக்கில் 52-ம் சேனலுக்கு 75-ம் சேர்ந்து வரியோடு 150 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 392, மாதம் 158 மிச்சம். ஆனால் டிஷ், இரண்டு பெட்டி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 3,000 ஆனால், அந்தப் பணத்தை எடுக்கவே 19 மாதம் ஆகும். இதே சலுகையைக் கேபிள்காரரிடமும் கேட்கலாம். இப்போது விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும், இரண்டு பெட்டி ஒரே பெயரில் இருந்தால் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு.

நம் கடற்கரை ஊர்களில் டிஷ்ஷுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இங்கிருந்து பார்த்தால் டிஷ் நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் நிற்கின்றன. மொட்டைமாடியில் அந்தப் பக்கம் தென்னை மரமோ பக்கத்து வீட்டு மாடியோ மறைக்காமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடையும், மழை விட்டதும் தானாகச் சரியாகும். அதில் பழுது எதுவும் இல்லை. வெயில் அடிக்கும் நாளிலும் படம் உடைந்தால்தான் பார்க்க வேண்டும். பெட்டியின் மெனுவில் சிக்னல் அளவும் தரமும் தனித்தனியாகக் காட்டும். அளவு நன்றாக இருந்து தரம் மட்டும் விழுந்திருந்தால், டிஷ்ஷின் முனையில் கேபிள் சேரும் திருகைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் நடுச்செம்பு பச்சை பூத்திருக்கலாம். அப்படி இருந்தால் நுனியை வெட்டிப் புதிதாகப் போட்டால் போதும், பெட்டியை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நெட். மாமியாரின் சீரியல்கள் ஒரே ஆப்பில் கிடைக்காது. சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவியுடையது ஜியோ ஹாட்ஸ்டாரில், ஜீ தமிழுடையது ஜீ5-ல். அவர் மூன்று சேனலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர் என்றால் மூன்று சந்தா வேண்டும். சந்தா விலைகள் அடிக்கடி மாறுவதால், மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3,000, அதாவது மாதம் 250 என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். ஆப்பில் காட்டும் தொகையைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். செய்திக்குத் தனிச் செலவில்லை, தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலவும் யூடியூபில் நேரலையாக வருகின்றன. ஆக 550 போய் 250 ஆகிறது, மாதம் 300 மிச்சம். இருக்கும் டிவி பழையதாக இருந்து, எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் வாங்க வேண்டியிருந்தால், அந்தச் செலவையும் இந்த மிச்சத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

சந்தா எடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஆப்பில் முதலில் கண்ணில் படும் மலிவான திட்டம் பல நேரம் மொபைலுக்கு மட்டும் உரியது, டிவியில் திறக்காது. அப்புறம், ஒரே நேரத்தில் எத்தனை திரையில் ஓடும் என்பது. ஹாலில் மாமியாரும் மாடியில் நீங்களும் ஒரே ஆப்பைத் திறந்தால் ஒருவருக்கு நின்றுபோகும் திட்டங்கள் உண்டு. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து செய்தி வரும். வேண்டாம் என்றால் அப்போதே ரத்து செய்யலாம்.

டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். எச்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி என்று வைத்தால், நான்கு மணி நேரத்துக்கு 8, மாதத்துக்கு 240 ஜிபி. ஃபைபர் திட்டம் இதைத் தாங்கும். இதையே மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு, நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் முதல் சீரியல்களோடு தீர்ந்துவிடும்.

கணக்கில் நெட்தான் முன்னால் நிற்கிறது. ஆனாலும் ஹால் கேபிளை இப்போதே எடுக்க வேண்டாம் என்பதே என் யோசனை. காரணம் உங்கள் மாமியார். ரிமோட்டில் ஒரு எண்ணை அழுத்தினால் சீரியல் வருவதற்கும், ஆப்பைத் திறந்து, பெயரைத் தேர்ந்து, நேரலையைத் தேடிப் பிடிப்பதற்கும் எழுபது வயதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மகன் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது மோடம் நின்றுபோனால் அவரிடம் போய்க் கேட்கவும் தயங்குவார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அக்கா வீட்டில் கரண்ட் இல்லை, எந்த டிவியும் ஓடவில்லை. கரண்ட் வந்த பிறகும், கிளை விழுந்து அறுந்த ஃபைபர் ஒட்டப்படச் சில நாள் ஆனது. மாடியில் நின்ற டிஷ்ஷில் கரண்ட் வந்த அன்றே படம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டால் இந்தச் சங்கடம் உண்டு.

அதனால் மாடி இணைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள், அந்த டிவி நெட்டில் ஓடட்டும். அதற்கு ஒரு ஆப் மட்டும், மாதம் 100 என்று வைப்போம். ஹாலில் தமிழ்த் தொகுப்புகளோடு 242. மொத்தம் 342, மாதம் 208 ரூபாய் மிச்சம். முழுதாக வெட்டினால் கிடைப்பதைவிட 92 குறைவு. அந்த 92 ரூபாய்க்கு மாமியாரின் சாயங்காலம் கலையாமல் இருக்கிறது.

மாடிப் பெட்டியை ஒப்படைக்கும் முன்பு, தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதக் கணக்கில் அப்படி நிறுத்தி வைக்க ட்ராய் விதியில் இடம் உண்டு, 15 நாள் முன்பே கேட்க வேண்டும். அந்த மாதத்தில் மாமியாருக்கும் மாடி டிவியில் ஒருமுறை ஆப்பைத் திறந்து காட்டுங்கள். அவராகவே திறக்கப் பழகிவிட்டால் ஹால் இணைப்பையும் எடுப்பதை அப்போது பேசலாம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அதன் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை எழுதிக் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். நான் ஒருமுறை ரசீது வாங்காமல் பெட்டியைக் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் கழித்துப் பெட்டிக்கான பணம் கேட்டு வந்தவரிடம் காட்ட எதுவும் இல்லாமல் நின்றேன்.