சீனி போடாத ஜூஸில் எத்தனை பழம்?

"எனக்கு 58 வயது. நான்கு வருடமாக இனிப்புநீர், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் காலை நடை முடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ் குடிப்பேன், சீனி போடாமல். பழமாகவே சாப்பிடுங்கள் என்கிறார் மனைவி. இரண்டும் ஒன்றுதானே?"

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, ஐயா. நாளை கடைக்காரர் எத்தனை பழம் வெட்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். 250 மில்லி கிளாஸ் நிரம்ப நடுத்தர அளவில் மூன்று பழமாவது வேண்டும். கரண்டியால் சீனி போடாவிட்டாலும், பழத்தின் சொந்தச் சீனியே அதில் 20 முதல் 25 கிராம் இருக்கும். ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு பழத்தைச் சுளை சுளையாகச் சாப்பிட்டால் சீனி சுமார் 12 கிராம்தான், நார்ச்சத்தும் 3 கிராம் கிடைக்கும். மென்று விழுங்க நேரம் ஆவதால் ஒன்றிலேயே போதும் என்று தோன்றிவிடும்.

1977இல் வெளிவந்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு ஆப்பிளை முழுப் பழமாகவும், கூழாகவும், ஜூஸாகவும் கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே. பழத்தைவிட 11 மடங்கு வேகத்தில் ஜூஸ் உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வு பழத்தில் அதிகம், ஜூஸில் குறைவு, கூழ் இடையில். ரத்தத்தில் சீனி ஏறிய அளவு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஜூஸைச் சமாளிக்க உடல் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டியிருந்தது. இனிப்புநீர் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் இன்சுலின்தான் எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் ஜூஸ் உங்களுக்குப் பெரிய சுமை. வடிகட்டாமல் பிளெண்டரில் அடித்தால் நார் தங்கும், சரி. ஆனாலும் மூன்று பழம் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடும்.

வீட்டில் மீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். ஒரு நாள் ஜூஸ் மட்டும், மறுநாள் அதே நேரத்தில், அதே நடைக்குப் பிறகு ஒரு முழு ஆரஞ்சு. இரண்டு நாளும் சாப்பிடும் முன்பும் ஒரு மணி நேரம் கழித்தும் சோதித்து, எவ்வளவு ஏறியது என்று குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஜூஸின் ஏற்றம் பெரும்பாலும் அதற்குள் வந்து இறங்கியிருக்கும்.

அப்புறம், ஜூஸையே மருந்தாகக் குடிக்க வேண்டிய நேரமும் உண்டு. ரத்தத்தில் சீனி 4 mmol/Lக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் உடனே அரை கிளாஸ் ஜூஸ் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது முழுப் பழம் மெதுவாகத்தான் வேலை செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அவ்வளவு இறங்குவது அரிது. டாக்டர் பிற்பாடு கிளிக்லசைடோ இன்சுலினோ சேர்த்தால், ஒரு சின்னப் பாக்கெட் ஜூஸைக் கைவசம் வைத்துக்கொண்டே நடக்கப் போங்கள்.