பிரிந்திருக்கும் இணைகளும் ஒன்றுசேரும் நாளும்: கேள்வி பதில்

வேலூர் வாசகி: வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களின் காதல் பெரும்பாலும் முறிந்துவிடும் என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றனவாமே?

அப்படிச் சொல்லவில்லை. கெல்மர், ரோட்ஸ், ஸ்டான்லி, மார்க்மன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மணமாகாத இணைகளைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் விசாரித்தபோது, தொலைவில் இருந்தவர்களும் அருகில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பிரிந்திருந்தார்கள். ஆனால் எங்கள் உறவு முறியாது என்ற நம்பிக்கை மட்டும் தொலைவில் இருந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: பிரிவின் தொடக்க வாரங்களிலேயே முறிந்துபோன உறவுகள் இத்தகைய ஆய்வுகளுக்குள் வருவதே இல்லை. எனவே தூரத்தால் பாதிப்பே இல்லை என்றும் இதை வைத்து முடிவுகட்ட முடியாது.

ஒசூரிலிருந்து ஒருவர்: நாளைக்கு எத்தனை முறை பேசினால் உறவு நிலைக்கும்?

அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. சூசன் ஹோல்ட்ஸ்மன் குழுவினரின் 2021ஆம் ஆண்டு ஆய்வில், தொலைவில் இருந்தவர்களின் மனநிறைவோடு தொடர்புபட்டிருந்தவை அடிக்கடி அனுப்பப்பட்ட குறுஞ்செய்திகளும், அவற்றுக்குக் கிடைத்த பதில்களின் தன்மையும்தான். வீடியோ அழைப்புகளின் எண்ணிக்கைக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. பதிலின் தன்மை என்பதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். ‘இன்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டிவிட்டார்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘சரி, சாப்பிட்டாயா?’ என்ற பதில் அந்தச் செய்தியைக் கடந்துபோய்விடுகிறது. ‘எதற்காகத் திட்டினார்? நேற்று நீ சொன்ன அந்த அறிக்கைக்காகவா?’ என்ற பதில், சொன்னதைக் கேட்டேன், முன்பு சொன்னதும் நினைவிருக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் மனநிறைவோடு இருப்பவர்கள் இயல்பாகவே இப்படி எழுதுகிறார்களா, இப்படி எழுதுவதால் மனநிறைவு வருகிறதா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

பெயர் வெளியிட விரும்பாதவர்: என் மனைவி எங்கே இருக்கிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் கைபேசியில் பார்க்க எந்தச் செயலி நல்லது?

இதற்கு நான் உதவ மாட்டேன். உங்கள் சந்தேகத்தை அவரிடமே வாய்விட்டுப் பேசுங்கள். அது முடியாவிட்டால் இருவருமாக ஒரு குடும்பநல ஆலோசகரைப் பாருங்கள்.

தோஹாவிலிருந்து ஒருவர்: ஒன்பது ஆண்டுகளாக இங்கே வேலை. ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில்தான் ஊருக்குப் போவேன். எனக்கும் மனைவிக்கும் இதுவரை சண்டையே வந்ததில்லை. வரும் பங்குனியில் நிரந்தரமாகத் திரும்புகிறேன். இனிக் கவலை இல்லைதானே?

இன்று வந்த கேள்விகளில் நான் மிகவும் விரிவாகப் பேச விரும்புவது இதைத்தான். பிரிவைத் தாங்கிய உறவுகள் ஒன்றுசேர்ந்த பிறகு தடுமாறுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. லாரா ஸ்டாஃபர்டும் ஆண்டி மெரொல்லாவும் இன்னொருவரும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஊருக்கு வந்துசேர்ந்த மாணவ இணைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதங்களுக்குள் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் மணமாகாத இளைஞர்கள். அந்த விகிதத்தை உங்கள் மேல் சுமத்துவது தவறு. ஆனால் சேர்ந்த பிறகு என்ன மாறியது என்று அவர்கள் சொன்னவை உங்களுக்கும் பொருந்தும்: தன் விருப்பப்படி நடக்கும் சுதந்திரம் குறைந்தது, துணையின் பிடிக்காத பழக்கங்கள் தெரியவந்தன, சச்சரவு கூடியது.

உங்கள் நிலையையே எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு மாதம் உறவினர் வீட்டுத் திருமணங்களிலும் கோயில்களிலும் விருந்துகளிலும் கழிந்திருக்கும். அந்த நாட்களைக் கெடுக்க வேண்டாம் என்று இருவருமே பல விஷயங்களை விழுங்கியிருப்பீர்கள். ஆகவே சண்டை வந்ததில்லை என்பதை நான் உறுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பள்ளி, வீட்டுச் செலவு, உங்கள் பெற்றோரின் மருத்துவம் ஆகிய அனைத்தையும் அன்றாடம் முடிவு செய்தவர் உங்கள் மனைவி. நீங்கள் வந்த மறுவாரமே ‘இதற்கு எதற்கு இவ்வளவு செலவு?’ என்று கேட்டால் அது அவருக்கு விசாரணையாகவே படும்.

இன்னும் இருக்கும் மாதங்களில், எந்தெந்த முடிவுகள் அவரிடமே இருக்க வேண்டும் என்று அவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சம்பளம் நின்ற பிறகு எத்தனை மாதம் சேமிப்பில் ஓட்ட முடியும் என்பதைத் தொகையோடு பேசுங்கள். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒருவர் ‘நேரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால், பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

சென்னை, தகவல்தொடர்பியல் ஆய்வாளர்: இது ஒருதலைப்பட்சமான பதில். ஜியாங், ஹான்காக் ஆய்வில் துணையை உயர்வாக எண்ணுவதுதான் நெருக்கத்தைக் கூட்டியது. தோஹாக்காரருக்குச் சொன்ன பதிலில், சண்டையே இல்லாத அத்தகைய நல்லெண்ணத்தை நீங்கள் ஆபத்தாகக் காட்டுகிறீர்கள்.

நல்ல மறுப்பு. 2013இல் வந்த அந்த ஆய்வில் 63 இணைகள் ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதினார்கள். தொலைவில் இருந்தவர்கள் தங்களைப் பற்றி அதிகம் மனம்திறந்தார்கள், துணையின் பேச்சையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்கள், அதனால் நெருக்கமும் கூடியது என்பது உண்மை. ஆனால் அது பிரிந்திருக்கும் ஒரு வாரத்தின் படம். ஸ்டாஃபர்டும் மெரொல்லாவும் 2007இல் கவனித்தது, அந்த உயர்ந்த எண்ணம் அன்றாட வாழ்க்கையைச் சந்திக்கும் தருணத்தை. பிரிவைத் தாங்க உதவிய அதே மனப்பாங்கு, அளவு மீறியிருந்தால், சேரும்போது ஏமாற்றத்துக்கு வழிவிடுகிறது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

அதே ஆய்வாளர்: ஆனால் அந்த மாணவர்கள் அருகிலேயே இருந்திருந்தாலும் பிரிந்திருப்பார்கள் அல்லவா? தூரம் முறிவைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்.

இருக்கலாம். யார் ஒன்றுசேர்வது, யார் தொலைவிலேயே இருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் எவரும் தீர்மானிக்க முடியாது என்பதால், இதை உறுதியாகத் தீர்த்துவைக்கும் ஆய்வு அமைவது கடினம். முறிவு தள்ளிப்போனது என்றே வைத்துக்கொண்டாலும், பேசாமல் விட்டவை சேரும் நாளில் ஒன்றாக வந்து நிற்கின்றன என்ற என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

நாகர்கோவில் வாசகி: என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். நடுக்கடலில் இருப்பவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி என்ன பயன்? மறைப்பதுதான் அன்பு. நீங்கள் இருவரும் இதை யோசிக்கவே இல்லை.

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, பாதி உண்மையும் அதில் இருக்கிறது. போர்முனையில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியரை ஆராய்ந்தபோது, கணவர் ஆபத்தில் இருக்கிறார் என்று அஞ்சியவர்கள் உங்களைப் போலவே மறைத்தார்கள். ஆனால் அப்படி மறைத்தவர்களிடம் உடல்நலக் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. சொன்னவர்களிடம் மணவாழ்வின் நிறைவு கூடுதலாக இருந்தது. புயலில் இருப்பவரிடம் அன்றிரவே சொல்ல வேண்டாம். துறைமுகத்தை அடைந்ததும் சொல்லுங்கள், சகோதரி. அவர் வீடு திரும்பிய பிறகு அக்கம்பக்கத்தார் வாயிலாக அறியும்படி விட்டுவிடாதீர்கள்.

மதுரை வாசகர்: தினமும் வீடியோ காலில் பேசியே ஆக வேண்டுமா?

ஒசூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். எண்ணிக்கையைக் கேட்கும் கேள்விகள் இதுபோல் இன்னும் பல வந்திருக்கின்றன; அவற்றுக்குத் தனித்தனியாக எழுதப்போவதில்லை. எப்போது ஒரே ஊரில் இருப்போம் என்பதை இருவரும் பேசியிருக்கிறீர்களா என்று ஒருவராவது கேட்டால் மகிழ்வேன்.

டொராண்டோவிலிருந்து ஒரு மாணவி: நான் கேட்கிறேன். என் ஆய்வுப்படிப்பு முடிய இன்னும் காலம் இருக்கிறது, அவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை. எங்கே சேர்ந்து வாழ்வோம் என்று இருவருக்குமே தெரியாது. தேதி இல்லாவிட்டால் உறவு நிலைக்காதா?

நிலைக்காது என்று சொல்ல எந்த ஆய்வும் இடம் தரவில்லை. கேத்ரின் மக்வையர் 2007இல் கண்டது, மீண்டும் ஒரே ஊரில் வாழ்வோம் என்பதில் உறுதியாக இருந்தவர்களுக்கு மனநிறைவு கூடுதலாகவும் மன உளைச்சல் குறைவாகவும் இருந்தது என்பதுதான். உங்களால் இன்று தேதியைச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் முடிவெடுப்போம், யார் இடம்பெயரத் தயார், அதனால் யாருடைய வேலை பாதிக்கப்படும் என்பதைப் பேச முடியும். அந்தப் பேச்சை உங்கள் ஆய்வேடு முடியும்வரை தள்ளிவைக்காதீர்கள். அதற்குள் இருவரும், மற்றவர்தான் கிளம்பி வருவார் என்று தனித்தனியே நம்பத் தொடங்கியிருப்பீர்கள்.